படத்தைப் பார்த்துப் பருப்பு வாங்கும் கொள்முதல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விற்பவர் அனுப்பும் கைப்பேசிப் படத்தை வைத்தே நிலக்கடலை, முந்திரி, பாதாம் மூட்டைகளுக்கு நீங்கள் ஒப்புதல் தருகிறீர்கள். படம் பூஞ்சணத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். காறலைப் பெரும்பாலும் காட்டாது. இரண்டையும் ஒரே பார்வையில் முடிவு செய்வதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில், தோல் கருத்துப்போன பழைய பருப்பும் புதியதைப் போலவே செம்மையாகத் தெரியும். எனவே பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், வெள்ளைத்தாளின் மேல் பரப்பி எடுத்த படத்தையே கேளுங்கள்; தாள் மஞ்சளாகத் தெரிந்தால் பருப்பின் நிறத்தையும் நம்ப வேண்டாம். பிறகு, குவியலின் நடுவில் பளிச்சென்று இருப்பவற்றை விட்டுவிட்டு, ஓரத்தில் கிடக்கும் சூம்பிய, நிறம் மாறிய சொத்தைப் பருப்புகளைப் பாருங்கள். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சில், ஒரு மூட்டையில் உள்ளதன் பெரும்பங்கு இத்தகைய சில பருப்புகளில்தான் தங்கியிருக்கும். அவற்றைத் தோலுரித்து இரண்டாகப் பிளந்து, அருகிலிருந்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே வெறும் சுருக்கமாகத் தெரிந்த பருப்பின் உள்ளே, இரு பாதிகளுக்கும் இடையிலான குழிவில், பச்சையும் மஞ்சளும் கலந்த தூளோ சாம்பல்நிறப் பஞ்சோ படிந்திருக்கலாம். அப்படி இருந்தால் அது பூஞ்சணமே.

கரும்புள்ளி எல்லாம் பூஞ்சணம் அல்ல. முந்திரியில் ஒட்டிய செம்பழுப்புத் துணுக்கு, உரிபடாத தோலாக இருக்கலாம். சிறிய, குழிந்த கரும்புள்ளி, காய் இளசாக இருந்தபோது பூச்சி குத்திய தழும்பாக இருக்கலாம். இவற்றின் விளிம்பு தெளிவாக இருக்கும். பூஞ்சணமோ மேலே எழும்பிய தூளாகவோ இழையாகவோ விளிம்பு கலைந்து பரவும். பாதாமின் தோல் இயல்பிலேயே வரிவரியாக இருப்பதால், அதன் சுருக்கத்தை மட்டும் வைத்துக் கழிப்பது அநியாயம்.

காறலுக்கு வருகிறேன். பருப்பிலுள்ள எண்ணெய் காற்றுடன் சேர்ந்து கெடுவதே காறல். மிக முற்றிய நிலையில், பிளந்த பாதாமின் வெண்மை மங்கி மஞ்சளாகி, எண்ணெய்ப் பசையுடன் கண்ணாடி போலத் தெரியலாம், முந்திரியும் மஞ்சளடிக்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே பெயின்ட் வாடையும் நாக்கில் கசப்பும் வந்துவிடும். ஆகவே படத்துடன், பருப்பை நசுக்கி முகர்ந்தவரின் குறிப்பையும் கேட்டுப் பெறுங்கள்.

பூஞ்சண ஐயம் உள்ள சரக்கை யாரையும் சுவைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். வறுத்தால் போகும் என்ற சமாதானத்தையும் ஏற்காதீர்கள். வறுத்தால் அந்த நச்சு குறையலாமே தவிர முழுவதும் அழியாது. புள்ளியே தெரியாத பருப்பிலும் நச்சு இருக்கக்கூடும் என்பதால், சரக்கைக் கழிப்பதற்கு மட்டும் படத்தைப் பயன்படுத்தி, ஏற்பதற்கு மூட்டையின் பல இடங்களிலிருந்து எடுத்த மாதிரியின் ஆய்வக முடிவைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பருப்புத் தரம் பார்க்கும் ஊழியர் ஒருவர்