ரப்பர் பால் கொள்முதல் மென்பொருளில் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவதைச் சரிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
ரப்பர் பால் கொள்முதல் சங்கம்,
குலசேகரம் அருகில், திருவட்டாறு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கணினிப் பிரிவு அலுவலர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்ப உதவி மையம்,
நாகர்கோவில்.

பொருள்: கொள்முதல் மென்பொருளில் இரண்டாம் கவுண்டர் பதிவுகள் தவறான மாதங்களில் சேர்ந்திருப்பது, 13.12.2025 முதல் பதிவே ஏற்காமல் போனது, 38 உறுப்பினர்களின் பட்டுவாடா நின்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சங்கத்தில் ரப்பர் பால் வாங்க இரண்டு கவுண்டர்கள் உள்ளன. இரண்டாவது கவுண்டரின் பழைய கணினி பழுதானதால், 1.12.2025 அன்று புதிய கணினி வைத்து, அதற்கு counter2 என்ற புதிய பயனர் பெயரையும் உங்கள் பிரிவிலிருந்து உருவாக்கித் தந்தார்கள். 13ஆம் தேதி காலை முதல் கேனை நிறுத்துச் சேமிக்கப் போனபோது திரையில் இப்படி வந்தது:

```
The conversion of a varchar data type to a datetime
data type resulted in an out-of-range value.
The statement has been terminated.
```

அன்றே தொலைபேசியில் புகார் செய்தோம். கணினியின் தேதி அமைப்பை மாற்றச் சொன்னார்கள். புகாரும் முடித்து வைக்கப்பட்டது. சொன்னபடியே விண்டோஸில் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றி, கணினியை அணைத்துத் திறந்து பார்த்தோம். அதே செய்திதான் வந்தது. அதன் பிறகு நாங்கள் தேடிக் கண்டது இந்தப் பிழைச் செய்தியைவிடப் பெரிய சிக்கல். அதனால்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

முதலில், பிழையை உங்கள் இடத்திலேயே பார்க்கும் வழி. counter2 பெயரில் உள்நுழைந்து, கொள்முதல் பதிவுத் திரையைத் திறந்து, ஏதாவது ஓர் உறுப்பினர் எண்ணும் பாலின் எடையும் கொடுத்து, தேதியில் 13/12/2025 என்று அடித்துச் சேமித்தால் மேலே உள்ள செய்தி வரும். அப்புறம் மற்றவற்றை அப்படியே வைத்து, தேதியை மட்டும் 11/12/2025 என்று மாற்றிச் சேமியுங்கள். இப்போது பிழை எதுவும் காட்டாது, பதிந்தது என்றே சொல்லும். ஆனால் டிசம்பர் 11க்கான பட்டியலைத் திறந்தால் அந்தப் பதிவு இருக்காது. நவம்பர் 12ஆம் தேதிப் பட்டியலைத் திறந்தால் அங்கே இருக்கும்.

மென்பொருள் முதல் எண்ணை மாதமாகவும் இரண்டாவது எண்ணை நாளாகவும் படிக்கிறது. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13ஆம் தேதி திணறி நின்றது. 1 முதல் 12 வரை உள்ள எண்கள் எல்லாமே ஏதோ ஒரு மாதத்தைக் குறிப்பதால், அந்த நாட்களில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பதிவை வேறு மாதத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. டிசம்பர் 1ஆம் தேதிப் பால் ஜனவரி 12இல் கிடக்கிறது. 2ஆம் தேதிப் பால் பிப்ரவரி 12இல். இப்படியே 11ஆம் தேதி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதத்தின் 12ஆம் தேதிக்குப் போயிருக்கிறது. 12/12 அன்று மட்டும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்ததால் பதிவு சரியான நாளில் விழுந்திருக்கிறது. 13ஆம் தேதி நாங்கள் முந்தைய நாள் பட்டியலைத் திறந்து பார்த்து, நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்ததும் இதனால்தான்.

பதினோரு நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். உறுப்பினருக்குக் கொடுக்கும் சீட்டில் நாங்கள் அடித்த தேதியே அச்சாகிறது, அதனால் சீட்டில் தவறு இல்லை. மாலையில் நாங்கள் எடுக்கும் மொத்தம் சீட்டு எண்ணை வைத்து வருவது, தேதியை வைத்து அல்ல. அதுவும் சரியாகவே வந்தது. 15ஆம் தேதி இரு வாரப் பட்டுவாடாப் பட்டியல் எடுத்தபோதுதான், இரண்டாம் கவுண்டரில் பால் ஊற்றிய 38 பேருக்கும் 12ஆம் தேதிப் பால் தவிர வேறு எதுவும் வரவில்லை. அன்று பால் ஊற்றாதவர்களின் பெயரே பட்டியலில் இல்லை. கையில் சீட்டுக் கட்டோடு ஒரு அம்மா வந்து, "சார், நான் அஞ்சு நாள் பால் ஊத்தினேன், ஒரு நாள் கூட இல்லைன்னா எப்படி?" என்று கேட்டார். அந்த ஐந்து சீட்டையும் வாங்கி ஒவ்வொன்றாகத் தேடியபோதுதான், அவற்றில் ஒன்று ஜனவரி 12இல் இருப்பதைப் பார்த்தோம். 2025 ஜனவரி 12 ஞாயிற்றுக்கிழமை. அன்று சங்கம் திறக்கவே இல்லை. அக்டோபர் 12உம் ஞாயிறுதான். அதிலும் பால் வாங்கியதாகப் பதிவு நிற்கிறது.

கோளாறு கணினியில் இல்லை, பயனர் பெயரில் இருக்கிறது என்பதற்கு நாங்கள் செய்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். புதிய கணினியில் முதல் கவுண்டரின் பழைய பெயரான counter1 மூலம் உள்நுழைந்து 13/12/2025 என்று பதிந்தோம், சரியாகப் பதிந்தது. முதல் கவுண்டரின் கணினியில் counter2 மூலம் உள்நுழைந்து அதையே பதிந்தோம்; பிழை வந்தது. ஆக, எந்தக் கணினியில் அமர்ந்தாலும் பிழை counter2 கூடவே வருகிறது. இந்தச் சோதனையில் சேமிப்பான ஒரு பதிவையும் உடனே ரத்து செய்துவிட்டோம். அதன் சீட்டு எண் இணைப்பில் உள்ளது.

மென்பொருளின் பயனர் பெயரே தரவுத்தளத்தின் லாகினாகவும் இருக்கிறது என்று கணினி வைக்க வந்த தம்பி அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் திருவனந்தபுரத்தில் கணினி வேலை பார்க்கிறார். பிழைச் செய்தியைப் பார்த்ததும் இது எஸ்.க்யூ.எல். சர்வரின் செய்தி என்று அவர் சொன்னார். அந்தத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு மொழி உண்டு. புதிய லாகின் உருவாக்கும்போது மொழியைச் சொல்லாவிட்டால் சர்வரின் பொது மொழியையே எடுத்துக்கொள்ளும். அது அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் மாதம் முன்னால், நாள் பின்னால் என்றே படிக்குமாம். counter2 மூலம் இணைந்து கீழே உள்ள முதல் வரியை ஓட்டினால் us_english என்று வரும் என்பது அவருடைய கணிப்பு. அப்படி வந்தால் இரண்டாவது வரி போதும் என்கிறார்.

```
SELECT @@LANGUAGE;
ALTER LOGIN counter2 WITH DEFAULT_LANGUAGE = British;
```

சர்வரைத் தொடும் உரிமை எங்களுக்கு இல்லை, அதனால் இதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான். இதைச் செய்தால் நாளைக் காலையிலேயே கவுண்டர் ஓடும். ஆனால் அடுத்து ஒரு புதிய பெயர் உருவாக்கும்போது இதே தவறு திரும்ப வரும். மென்பொருள் தேதியை 20251213 என்ற வடிவில் அனுப்பினால் லாகின் எந்த மொழியில் இருந்தாலும் குழப்பம் வராதாம். நிரலை எழுதியவர்களிடம் இந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். அதோடு, இன்றோ நேற்றோ அல்லாத தேதியில் கொள்முதல் பதிவானால் மென்பொருள் நிறுத்திக் கேட்க வேண்டும்.

இனி, ஏற்கனவே தவறிப் போன பதிவுகள். 1ஆம் தேதி முதல் 11 வரை, 7ஆம் தேதி ஞாயிறு நீங்கலாக, பத்து நாட்களில் 163 பதிவுகள். இவற்றைத் திருத்தும்போது, 12ஆம் தேதியில் உள்ள எல்லாப் பதிவுகளின் நாளையும் மாதத்தையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிப்ரவரி 12, மார்ச் 12 ஆகிய நாட்களில் உண்மையிலேயே வாங்கிய பாலும் அதே இடத்தில் இருக்கிறது. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. counter2 என்ற பெயர் டிசம்பர் 1க்கு முன் இல்லவே இல்லை. ஆகவே அந்தப் பெயரில், டிசம்பருக்கு முந்தைய தேதியில் இருப்பவை மட்டுமே தவறானவை. 163 சீட்டுகளின் எண், உறுப்பினர் எண், சரியான தேதி எல்லாவற்றையும் அடிக்கட்டையிலிருந்து பார்த்து எழுதி இணைத்துள்ளோம்.

தேதியை மட்டும் மாற்றினாலும் போதாது. சேமிக்கும் நேரத்திலேயே அந்தத் தேதிக்குரிய விலையை மென்பொருள் எடுத்துப் பதிவில் எழுதிவிடுகிறது. ஓர் உறுப்பினரின் கணக்கைச் சொல்கிறேன். டிசம்பர் 3 அன்று அவர் கொண்டுவந்தது 42 கிலோ பால், அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் அளவான டி.ஆர்.சி. 35 சதவீதம். அதாவது உலர்ந்த ரப்பர் கணக்கில் 14.7 கிலோ. மென்பொருள் எடுத்தது மார்ச் 12ஆம் தேதி விலை. அது டிசம்பர் 3 விலையைவிடக் கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதல். அந்த ஒரு சீட்டில் மட்டும் 102 ரூபாய் 90 காசு அதிகம். வேறு நாட்களில் குறைவாகவும் வந்திருக்கிறது. குறைந்ததைப் பின்னர் கொடுத்துவிடலாம். கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பால் வெட்டிக் குடும்பம் நடத்துகிறவரிடம் திருப்பிக் கேட்க எங்களால் ஆகாது. எனவே தேதியைத் திருத்திய பிறகு விலையை மறுபடி எடுக்கும்படி செய்து, பட்டியலை எங்களுக்குக் காட்டிய பிறகே பட்டுவாடாவுக்கு விட வேண்டும்.

இன்னொன்று, டிசம்பர் 1, 2, 3 ஆகிய நாட்களின் பால் 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குப் போனதால், கணக்கு முடித்த 2024-25 நிதியாண்டின் கொள்முதலும் இருப்பும் இப்போது கூடியிருக்கின்றன. திருத்தியதும் அந்த ஆண்டின் இருப்பு பழைய அளவுக்கே வந்துவிட்டதா என்று பார்த்து எழுதித் தர வேண்டும்; தணிக்கையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

13ஆம் தேதி முதல் இரண்டாம் கவுண்டரில் நோட்டில் எழுதியே பால் வாங்குகிறோம். ஒருநாள்கூட யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நிறுத்திவைத்தால் பால் உறைந்துவிடும், அதை வேறு எங்கே கொண்டுபோவார்கள்? ஆனால் 15ஆம் தேதி கிடைக்க வேண்டிய பணம் 38 குடும்பங்களுக்கும் நிற்கிறது. மழையால் வெட்டு விட்டு விட்டுத்தான் நடக்கிறது, கிடைத்த சில நாள் பால்காசுதான் இது. அவர்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும் வெட்டுத் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பதும் இந்தப் பட்டுவாடாவை நம்பித்தான். 20ஆம் தேதிக்குள் பதிவுகள் திருந்தினால் 22ஆம் தேதி திங்கட்கிழமை பணம் வங்கிக்குப் போய்விடும்.

ஆகவே முடித்து வைத்த புகாரைத் தயவுசெய்து மீண்டும் திறந்து, யார் பார்க்கிறார்கள், எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிரிவிலிருந்து ஒருவர் வந்தாலும் சரி, தொலைவிலிருந்து இணைந்தாலும் சரி, காலை 7 மணி முதல் இரவு எந்நேரமும் கணினியைத் திறந்து வைத்து நான் கூடவே இருப்பேன். பிழைத் திரையின் படம், 163 சீட்டுகளின் பட்டியல், சோதனைச் சீட்டு எண், 13ஆம் தேதி முதல் எழுதிய நோட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் வைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்

இடம்: குலசேகரம்
நாள்: 16.12.2025