அத்தைக்கு, அந்தக் கல்யாணப் படம் பற்றி

அன்புள்ள அத்தை,

வர்ற வியாழக்கிழமை ஆச்சிக்கு வருஷத் திதி. நீங்கள் வருவீர்களா என்று அப்பா தினமும் கேட்கிறார். நீங்கள் என் போனை எடுப்பதில்லை. இந்தப் பக்கத்தை மட்டும் படிக்கிறீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

உங்கள் கல்யாணப் படத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன் இல்லையா, அது பொய். அதைக் கழற்றியவன் நான். கழற்றச் சொன்னது ஆச்சி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாத மத்தியானம். கரண்டு இல்லை. கட்டிலில் படுத்திருந்த ஆச்சி, நிலைக்கு மேலே பார்த்துக்கொண்டே, "ஏல, அந்தப் படத்தக் கழட்டிப்போடு. கண்ணத் தொறந்தா அதுதான் முன்னால நிக்கி" என்றாள். உங்கள் படத்தையா என்று கேட்டேன். "அவ படம் அவ வீட்டுல இருக்கட்டும்" என்றாள். முக்காலி போட்டு ஏறினேன். முன்பக்கம் சாய்த்து மாட்டியிருந்ததால் பின்னால் இருந்த இடுக்கில் ஒரு கை வைக்கோல். எப்போதோ குருவி கட்டிய கூடு. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

படத்தை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். மற்ற யாரையும் பார்க்கவில்லை. படத்தில் தன் கழுத்தில் இருந்த காசுமாலையின் மேல் விரலை வைத்தாள். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் காசுகளுக்கு மட்டும் ஸ்டூடியோக்காரர் தூரிகையால் மஞ்சள் தொட்டிருப்பார், ஞாபகம் இருக்கிறதா? "கால் மணி நேரம் போட்டிருந்தேன். பல்பு அடிச்சு முடிக்கல, பின்னால வந்து கொக்கியக் கழட்டிட்டா. பந்திக்குப் போறப்ப கழுத்துல மஞ்சக்கயிறுதான். எல்லாரும் பாத்தாக."

அது யாருடைய மாலை என்பதை இங்கே எழுத மாட்டேன். அந்த வீட்டார் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள், இதைப் படிக்கவும் செய்வார்கள்.

ஆச்சியுடைய இரட்டைவடச் சங்கிலி எங்கே போனது என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? 1978இல் உங்கள் கல்யாணத்துக்காக அதை 1,500 ரூபாய்க்கு அடகு வைத்தார்களாம். நூற்றுக்கு இரண்டு வட்டி, அதாவது மாசம் 30 ரூபாய். தாத்தா எட்டு மாசம் கட்டினார். அப்புறம் உங்கள் தலைப்பிரசவம் வந்தது. அதற்குப் பிறகு 22 மாசம் கட்டவே முடியவில்லை. நின்றுபோன வட்டி மட்டும் 660. அசலோடு சேர்த்து 2,160 கொண்டுபோனால் திருப்பியிருக்கலாம். கொண்டுபோக ஆள் இல்லை. நகை முழுகிப்போச்சு. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, அத்தை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்தான். பதினாறாம் நாள் விசேஷத்தில் அத்தனை பேர் முன்னால் "என் படத்தைக்கூட இவனால பாத்துக்க முடியல" என்றீர்களே, அப்போது இதைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று ஆச்சி என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். இன்று அதையும் மீறியாயிற்று.

ஆனால் படம் கெட்டது அவளால் இல்லை. துணியில் சுற்றிப் பரணில் வை என்றுதான் சொன்னாள். உங்களுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று நான்தான் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றி அட்டையை உருவினேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளியே விடாமல் சட்டம் போட்டிருந்தார்கள். அத்தனை வருஷ மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோதே அந்த இடம் ஈரம் பட்டதுபோல் மினுங்கியது. அதைக் கண்டதும் நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியோடு வைத்தே, பளபளப்பு விழாமல் ஜன்னல் ஓரத்தில் போனில் எடுத்திருந்தால் போதும். நான் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஸ்டாம்பு கிழிகிற மாதிரி ஒரு சத்தம். உங்கள் இடது கன்னமும் மாமாவின் தோளும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன, தாளில் அந்த இடம் வெறும் வெள்ளை. காசுமாலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, எம் பிள்ள மொகம்" என்றாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. படத்தைப் பிடிக்காதவள்தான், உங்களைப் பிடிக்காதவள் இல்லை. இதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம், பயந்துவிட்டேன்.

படமும் கண்ணாடியும் தனித்தனியாக, செய்தித்தாள் சுற்றி, பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வியாழக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பிரிக்கும்போது தூசி தெரிகிறதே என்று கண்ணாடியைத் துடைத்துவிடாதீர்கள். உங்கள் கன்னம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் அண்ணன் மகன்