தமாஷா வேறு, தமாஷ் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஏறிவிட்ட இந்தியச் சொற்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘தமாஷா’வுக்குக் கோலாகலம் என்றும், ‘டைம்பாஸ்’ என்பதற்குப் பொழுதுபோக்கு என்றும் பொருள் போட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் அப்படித்தான் புழங்குகின்றன, அதனால் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நாக்பூரில் 22 வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய எனக்கு, அதைப் படித்ததும் ஒரு பழைய ஃபைல் ஞாபகம் வந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் தன் அதிகாரி மீது இந்தியில் புகார் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரி: ‘சப்கே சாம்னே மேரா தமாஷா பனா தியா’. எல்லார் முன்னாலும் என்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்று அர்த்தம். சென்னையில் இருந்த மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். மொழிபெயர்த்தவர், தமாஷாதான் ஆங்கிலத்திலேயே இருக்கிறதே என்று அதை அப்படியே விட்டுவிட்டு, ‘எல்லார் முன்னாலும் ஒரு தமாஷா செய்தார்’ என்கிற மாதிரி எழுதிவிட்டார். அங்கே படித்தவர் நம்மூர்க்காரர். அவர் கண்ணுக்கு அது ‘தமாஷ்’ ஆகிவிட்டது. விளையாட்டாகச் சொன்னதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று குறிப்பெழுதி ஃபைல் திரும்பி வந்தது. அந்த அம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னவன் நான்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இந்தியில் தமாஷா எந்த வினையோடு சேர்கிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறும். அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றிக் கை கட்டி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ‘க்யா தமாஷா தேக் ரஹே ஹோ?’, அதாவது நின்று என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், அது திட்டு. நடுத்தெருவில் கத்துபவரிடம் ‘தமாஷா மத் கரோ’ என்றால், ஊரைக் கூட்டாதே என்று பொருள். ஆக்குவதைக் குறிக்கும் ‘பனானா’ என்ற வினை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன ஃபைலே போதும். மூன்றிலும் சுற்றி நின்று பார்க்கிற நாலு பேர் இருக்கிறார்கள். ஆங்கிலம் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வினைகளை விட்டுவிட்டது. ஐபிஎல் தமாஷா, தேர்தல் தமாஷா என்று எழுதும்போது கூச்சலும் பகட்டும் வருகின்றன, கூனிக் குறுகி நிற்கும் ஆள் வருவதில்லை. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அரபியில் சேர்ந்து நடப்பதைக் குறித்த சொல், பாரசீகத்தில் உலாவப் போய்ப் பார்ப்பதாகி, பிறகு பார்க்கப்படும் காட்சியே ஆகிவிட்டது. மராட்டியரிடம் கேட்டால் இன்னொரு கதை: அவர்களுக்குத் தமாஷா என்பது லாவணிப் பாட்டும் டோல்கி மேளமுமாக நடக்கும் நாட்டுப்புற ஆட்டம்.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நாமும் தமாஷ் என்று சிரிப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம், மலையாளிகளின் ‘தமாச’யும் அப்படியே. ஆனால் நம்மிடம் ‘வேடிக்கை’ இருக்கிறது. வேடிக்கையாகப் பேசலாம், வேடிக்கை பார்க்கலாம், ஒருவரை வேடிக்கைப் பொருளாக்கவும் செய்யலாம். அந்தப் புகாரை நேராகத் தமிழில் பெயர்த்திருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது.

அப்புறம் டைம்பாஸ். இரண்டு துண்டும் ஆங்கிலம், ஒட்டியது நாம். ஆங்கிலத்திலேயே அதே துண்டுகளைத் திருப்பிப் போட்ட ‘பாஸ்டைம்’ உண்டு, ஆனால் அது விரும்பிச் செய்கிற காரியம். தபால்தலை சேர்ப்பதைச் சொல்லலாம். வேலைக்கான விண்ணப்பத்தில் அதை எழுதலாம், டைம்பாஸை எழுத முடியுமா? ரயிலில் ‘டைம்பாஸ், டைம்பாஸ்’ என்று வேர்க்கடலை விற்பவர், இதைக் கொறித்தால் பயணம் தெரியாது என்கிறார், அவ்வளவுதான். படத்தை டைம்பாஸ் என்றால் பாதிப் பாராட்டு. ஆளை டைம்பாஸ் என்றால் கதை வேறு. ‘வோ மேரே சாத் டைம்பாஸ் கர் ரஹா தா’ என்று ஒரு பெண் சொன்னால், அவன் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணத்திலேயே இல்லை என்று பொருள். இதைப் பொழுதுபோக்கு என்று மொழிபெயர்த்தால் அவள் ஏதோ அவனோடு கேரம் ஆடியதுபோல் ஆகிவிடும்.

உத்தரப் பிரதேசத்து மீரட்டில், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் டீக்கடை வாசலில் நிற்கும் இளைஞர்களும் தாங்கள் செய்வதை டைம்பாஸ் என்றுதான் சொன்னார்கள். கிரேக் ஜெஃப்ரி என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி 2010-இல் எழுதிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். ஆங்கிலச் சொல் எதையும் தேடாமல் அவர்கள் வாயிலிருந்து வந்ததையே வைத்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது, பொருளுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வரும் ஒரு இந்தி வாக்கியத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர்,
கும்பகோணம்