கணக்கு அறிக்கையின் வடிவத்தை முடிவு செய்யும் வங்கி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

வணக்கம். பல ஆண்டுகளாகப் பிறருடைய கணக்கு அறிக்கைகளை வரிவரியாகச் சரிபார்த்து வருபவன் என்ற முறையில், நீங்கள் அச்சிடும் மீதியைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

அண்மையில் ஒருவர் தம் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். மாதத் தொடக்கத்தில் இருப்பு 10,000. மூன்றாம் தேதி 40,000க்கான காசோலை வரவு வைக்கப்பட்டு மீதி 50,000 ஆகிறது. நான்காம் தேதி 30,000 எடுக்கப்பட்டு 20,000 நிற்கிறது. மாதக் கடைசியில் ஓவர்டிராஃப்ட் வட்டி 10, கட்டணம் 250 என இரண்டு வரிகள் வந்து, மீதி 19,740 ஆகிறது. எந்த வரியிலும் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. அப்படியிருக்க வட்டி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில் தவறே இல்லை.

விடை, ஒரு தொகை எந்த நாளிலிருந்து வட்டிக் கணக்கில் சேரும் என்று காட்டும் மதிப்புத் தேதிப் பத்தியில் இருந்தது. காசோலை பதிவானது மூன்றாம் தேதி என்றாலும், அதன் மதிப்புத் தேதி ஐந்து. வட்டிக் கணக்கு மதிப்புத் தேதியைப் பின்பற்றுவதால், வரிகளை அந்த வரிசையில் மாற்றி எழுதி, ஒவ்வொரு நாள் முடிவிலும் மீதியைப் புதிதாகக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் தேதி 10,000. நான்காம் தேதி 20,000 பற்றாக்குறை. ஐந்தாம் தேதி 20,000 இருப்பு. அந்த ஒரு நாள் பற்றாக்குறைக்கு, அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த ஆண்டுக்கு 18.25 சதவீத வட்டியை 365 நாளுக்கு வகுத்தால், சரியாக 10 வருகிறது.

வட்டி சரிதான். ஆனால் அந்த 250ஐ இப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. கட்டண வரிக்கு நீங்கள் தரும் குறிப்பு எண் புதியது. அது எந்தப் பரிவர்த்தனைக்கான கட்டணம் என்பதைக் காட்டும் மூல எண் அங்கே இல்லை. கட்டணத்துக்குக் காரணமான வரியின் எண்ணைக் கட்டண வரியின் விவரத்தில் சேர்த்து அச்சிட்டிருந்தால், அவர் கட்டணப் பட்டியலோடு தாமே ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்.

எனவே, பதிவு மீதிக்குப் பக்கத்தில் மதிப்புத் தேதிப்படியான மீதியையும், ஒவ்வொரு கட்டணத்தோடும் அதற்குக் காரணமான பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன்.

தவறுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பி வைக்கும் வரிகளிலும் இதே கவனம் வேண்டும். ஆறாம் தேதி மதிப்பில் தவறாகக் கழித்த தொகையை ஒன்பதாம் தேதி மதிப்பில் திருப்பி வைத்தால், மீதி ஒரு காசு குறையாமல் சரியாகவே தெரியும். இடைப்பட்ட மூன்று நாள் வட்டி மட்டும் வாடிக்கையாளருக்குத் திரும்பி வராது. பதிவுத் தேதி ஒன்பதாகவே இருக்கட்டும். மதிப்புத் தேதி ஆறாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணக்கு அறிக்கைகளைச் சரிபார்க்கும் ஒருவன்