ஓரத்தில் ஏறும் நூல்

அன்புள்ள வள்ளிக்கு,

நீ அனுப்பிய குரோஷே போர்வைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரக்கும் மஞ்சளும் கண்டாங்கிச் சேலை மாதிரியே சேர்ந்திருக்கின்றன. ஆனால் இடது ஓரம் சுருங்கி நிற்கிறது, வலது ஓரம் நேராக இருக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு வரிசை போடுவதால் நிறம் மாறுவது எப்போதும் ஒரே ஓரத்தில்தான். அங்கே கீழிருந்து மேலே வரும் நூலை நீ இழுத்துப் பிடித்திருக்கிறாய்.

வரிசையின் கடைசித் தையலில் ஊசியில் இரண்டு கண்ணி மிச்சம் இருக்கும்போது அரக்கை விட்டுவிட்டு, மஞ்சளை எடுத்து அந்த இரண்டுக்குள்ளும் இழு. தையலை முழுசாக முடித்துவிட்டு மாற்றினால், அடுத்த வரிசை பழைய நிறக் கண்ணியோடு தொடங்கும்; ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அரக்கை வெட்டாதே. மஞ்சளில் போய்த் திரும்பி வந்ததும், அங்கே தொங்கும் அரக்கை எடுத்து அதே மாதிரி இழு. இழுக்கும் முன் துணியை மேசையில் விரித்து, அந்த ஓரத்தை நீளவாக்கில் லேசாக இழுத்துவிடு. ஏறும் நூல் அந்த இரண்டு வரிசை உயரத்துக்குச் சரியாகப் படிய வேண்டும். வளையமாகத் தொங்கினால் குழந்தையின் விரல் மாட்டும். இரண்டு நூலையும் ஒன்றோடொன்று முறுக்கவும் வேண்டாம். முறுக்கினால் ஓரம் கயிறு போலத் தடித்துவிடும்.

மூன்றாவதாகக் கறுப்பும் சேர்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதையும் இரண்டிரண்டு வரிசையாகப் போட்டால், ஒரு நிறம் மறுபடி வருவதற்குள் நான்கு வரிசை ஏற வேண்டும். ஒரே ஓரத்தில் எப்போதும் இரண்டு நூல் சேர்ந்து ஏறும், அந்தப் பக்கம் மட்டும் கனக்கும். அதனால் மூன்றையும் ஒவ்வொரு வரிசையாகப் போடு. அரக்கு வலமிருந்து தொடங்கி இடது ஓரத்தில் நிற்கும். கறுப்பு அங்கிருந்து கிளம்பி வலது ஓரத்துக்குப் போகும். மஞ்சள் வலமிருந்து கிளம்பி இடம் வந்து சேரும்போது அரக்கு அங்கேயே உனக்காகத் தயாராக இருக்கும். அடுத்த கறுப்பு வரிசைக்கு நூல் வலது ஓரத்தில் இருக்கும். எந்த இடத்திலும் ஒரே ஒரு நூல்தான், அதுவும் இரண்டு வரிசை உயரத்துக்குத்தான் ஏறும். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வரும். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உருண்டைகள் சிக்காமல் இருக்க, ஒரு வரிசை முடிவில் துணியை வலப்பக்கமாகத் திருப்பினால் அடுத்ததில் இடப்பக்கமாகத் திருப்பு.

எல்லாம் முடிந்ததும் சுற்றிலும் அரக்கில் ஒரு வரிசை சிங்கிள் குரோஷே போடு. ஊசியை ஏறும் நூலுக்கும் அடியில் விட்டு எடுத்தால் அது தையலுக்குள் மறைந்துவிடும். கறுப்பு நூல் மஞ்சள் மேல் பளிச்சென்று தெரியும், அதனால் இந்தக் கரையை விட்டுவிடாதே.

இதுவரை போட்டதைப் பிரிக்க மனமில்லை என்றால் அப்படியே வைத்துக்கொள். ஆனால் சுருக்கம் அலசினால் போகாது. பிரிப்பதுதான் நல்லது. கறுப்பு நூலை அப்பச்சி நாளைக்குக் காரைக்குடியில் வாங்கி அனுப்புவார்கள்.

அன்புடன்,
ஆத்தா