நியூற்றனும் N எழுத்தும்: மாணவர் பக்கப் பதிலுக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மாணவர் பக்கத்தில் ஒரு மாணவி நல்ல கேள்வி ஒன்று கேட்டிருந்தார். நியூற்றன், பஸ்கால், உவாற்று போன்ற அலகுகளை ஆங்கிலத்தில் முழுப்பெயராக எழுதினால் முதல் எழுத்து சிறியது, குறியீடாக எழுதினால் பெரியது. இது ஏன் என்பதுதான் கேள்வி. விஞ்ஞானிகளுக்கு மரியாதை செய்யும் விதமாக இரண்டையுமே பெரிய எழுத்தில் எழுதுவது நல்லது என்று பதில் வந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள் என்பதால் எழுதுகிறேன். அந்தப் பதில் பிழை. சரியான காரணம் தெரிந்தால் இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

முதலில் முழுப்பெயர். ஐசக் நியூற்றன் ஒரு மனிதர். ஆங்கிலத்தில் அவரையோ அவருடைய விதிகளையோ எழுதும்போது Newton என்று பெரிய எழுத்தில் எழுதுவார்கள். ஒரு நூறு கிராம் எடையுள்ள மாம்பழத்தைக் கையில் வைத்தால் கையை அழுத்தும் விசை ஏறக்குறைய ஒரு நியூற்றன். இந்த நியூற்றன் ஆள் இல்லை, எண்ணக்கூடிய ஓர் அளவு. ஐந்து மீற்றர், ஐந்து கிராம் என்பது போல ஐந்து நியூற்றன். ஆங்கில இலக்கணத்தில் இப்படி எண்ணுகிற பெயர் பொதுப்பெயர். அதனால் newton என்று சிறிய எழுத்து; பன்மையில் newtons. வசனத்தின் தொடக்கத்தில் வந்தால் மட்டும் மற்றச் சொற்களைப் போல அதுவும் பெரிய எழுத்தைப் பெறும்.

இந்தப் பெயர்கள் வந்த வழியைப் பார்த்தாலும் இது விளங்கும். மின்சாரத் தந்தி பரவிக்கொண்டிருந்த காலத்தில், 1861இல், லற்றிமர் கிளார்க், சாள்ஸ் பிறைற் என்ற இரண்டு பொறியியலாளர்கள் மின் அலகுகளுக்கு ஆராய்ச்சியாளர்களின் பெயர்களை வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். 1881இல் பரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடு ஓம், வோல்ற்று, அம்பியர், கூலோம், பரட் என்ற ஐந்தையும் ஏற்றது. வோல்ற்றா என்ற மனிதரின் பெயர் வால் வெட்டப்பட்டு வோல்ற்று ஆனது. பரடேயும் அப்படியே பரட் ஆனார். ஆளின் பெயரை அப்படியே தூக்கி வைக்கவில்லை. அதிலிருந்து புதிதாக ஒரு சொல் செய்தார்கள். மரியாதை அந்தப் பெயரைத் தேர்ந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அதன்பின் அந்தச் சொல் மொழியின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது.

இதற்கு நல்ல சாட்சி ஜெர்மன் மொழி. அங்கே எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஆகவே Newton பெரிய எழுத்து, எந்த விஞ்ஞானியின் பெயருமில்லாத Meterஉம் பெரிய எழுத்து. பெரிய எழுத்துத்தான் மரியாதை என்றால் ஜெர்மன்காரர் மீற்றருக்கும் மரியாதை செய்கிறார்கள் என்று ஆகிவிடும். நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேச்சே இல்லை. நியூற்றன் என்று எழுதுவதோடு சரி. முழுப்பெயர் எந்த மொழியில் எழுதப்படுகிறதோ அந்த மொழிக்குரிய சொல்.

குறியீடு அப்படி இல்லை. N என்பது newton என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணிதக் குறி. தமிழ்ப் புத்தகத்திலும் N, சிங்களத்திலும் N, சீனத்திலும் N. எந்த மொழியின் இலக்கணமும் அதைத் தொடாது. அதனால்தான் அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி போடக் கூடாது, பன்மைக்கு s சேர்க்கவும் கூடாது. ஐந்து நியூற்றன் என்று சொல்ல நினைத்து ஒரு பிள்ளை 5 Ns என்று எழுதினால் அது ஐந்து நியூற்றன் செக்கன் ஆகிவிடும். விசையைக் கேட்ட இடத்தில் கணத்தாக்கைக் கொடுத்ததாக முடியும்.

1948இல் நடந்த நிறை, அளவைகள் பற்றிய ஒன்பதாவது பொது மாநாடு குறியீடுகளுக்கு விதி சொன்னது: பொதுவாகச் சிறிய எழுத்து, ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்திருந்தால் பெரிய எழுத்து. மாணவி கேட்ட விடயம் இங்கேதான் இருக்கிறது. முழுப்பெயரில் இலக்கணம் எடுத்துவிட்ட பெரிய எழுத்தைக் குறியீட்டில் அந்த மனிதரின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு எழுத்துக் குறியீடானால் முதலெழுத்து மட்டும் பெரிது: Pa, Hz.

அடையாளத்துக்கு மேல் அந்தப் பெரிய எழுத்து இன்னொரு பெரிய வேலையும் பார்க்கிறது. ஆங்கில நெடுங்கணக்கில் இருப்பது 26 எழுத்துகள்தான். அலகுகளும் கிலோ, மில்லி போன்ற முன்னொட்டுகளும் அந்த 26ஐயே பங்கு போட வேண்டும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறு குறியாக எடுத்தால்தான் இடம் போதும்.

நம் ஊர் விடயம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நிலாவெளிப் பக்கம் போன்ற கரையோரங்களில் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அறிய மின்கடத்துதிறனை அளப்பார்கள். உப்பு கூடினால் தண்ணீர் மின்னோட்டத்தைக் கூடக் கடத்தும். மின்கடத்தலின் அலகு சீமென்ஸ், குறியீடு S. வேர்னர் வொன் சீமென்ஸ் என்பவரின் பெயர். 1971இல் சர்வதேச அலகு முறைக்குள் வந்தது. ஒரு வோல்ற்று கொடுத்தால் ஒரு அம்பியர் ஓடும் என்றால் அது 1 S.

ஒரு மாணவர் தன் செயற்திட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை அளந்து 850 µS/cm என்று பெற்றார் என்று வைப்போம். ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள இரண்டு மின்வாய்களை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் அந்தத் தண்ணீருக்குள் வைத்து ஒரு வோல்ற்று கொடுத்தால், அவற்றுக்கிடையே 850 மைக்ரோ அம்பியர் ஓடும் என்பது அதன் பொருள். (ஆடலோட்டம் கொடுக்க வேண்டும், நேரோட்டம் என்றால் மின்வாய்களில் வேதிமாற்றம் நடந்து அளவு கெட்டுவிடும்.) கடல்நீருக்கு இது ஏறக்குறைய 50 mS/cm, அதாவது 50,000 µS/cm, அந்தக் கிணற்று நீரைப்போல 60 மடங்கு அளவில். ஆக 850 என்றால் கடல் இன்னும் கிணற்றுக்குள் வந்துவிடவில்லை என்று சொல்லலாம்.

இப்போது மாணவர் கொப்பியில் 850 µs/cm என்று எழுதினால் என்ன ஆகும்? சிறிய s செக்கன். 850 மைக்ரோ செக்கன், ஒரு சென்ரிமீற்றருக்கு. உப்பைப் பற்றிய பேச்சே போய்விட்டது. ஆசிரியர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார் என்று சொல்லலாம். ஆனால் தானாகப் பதிவுசெய்யும் கருவியின் அட்டவணையில், எத்தனை செக்கனுக்கு ஒருமுறை அளந்தது என்ற நிரலும் எத்தனை சீமென்ஸ் என்ற நிரலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அங்கே s, S இரண்டையும் பிரிப்பது எழுத்தின் அளவு மட்டும்தான்.

வீட்டு மின்மானியின் முகப்பையும் பிள்ளைகளிடம் காட்டலாம். kWh என்று இருக்கும். k சிறியது, அது கிலோ என்ற முன்னொட்டு. W பெரியது, ஜேம்ஸ் உவாற்றின் பெயரால் வந்தது. h சிறியது, மணித்தியாலம். h ஐப் பெரிதாக்கினால் அது ஜோசப் ஹென்றியின் பெயரால் வந்த ஹென்றி என்ற அலகு. k ஐப் பெரிதாக்கினால் கெல்வின், வெப்பநிலையின் அலகு. கடைப் பலகைகளிலும் சீமெந்துப் பைகளிலும் Kg, KG என்று காண்பதெல்லாம் இந்தப் பிழைதான். இன்னும் மோசமானது முன்னொட்டான M. சம்பூர் சூரிய மின் திட்டம் 120 MW என்று செய்தி வருகிறது. அதை 120 mW என்று அச்சடித்தால் அது மெகா அல்ல, மில்லி. நூறு கோடி மடங்கு குறைந்துவிடும். சின்ன எல்.ஈ.டி. ஒன்றிரண்டை எரிக்கத்தான் அது போதும்.

விதிக்கு வெளியே நிற்பவையும் உண்டு, அவற்றுக்கும் காரணம் இருக்கிறது. லீற்றர் எந்த மனிதரின் பெயருமில்லை, ஆனாலும் L என்று பெரிதாக எழுதலாம். சிறிய l பல அச்சுகளில் ஒன்று என்ற இலக்கத்தைப் போலவே இருப்பதால் 1979இல் அனுமதித்தார்கள். ஓமுக்கு O வைத்தால் சைபராகத் தெரியும் என்பதால் கிரேக்க Ω. பாகை செல்சியஸ் பலரைக் குழப்பும்: degree Celsius என்பதில் d சிறியது, C பெரியது. அங்கே அலகின் பெயர் degreeஇல் தொடங்குகிறது. Celsius அது யாருடைய பாகை என்று சொல்கிற மனிதப் பெயர். கெல்வினுக்கும் முன்பு degree Kelvin என்றும் °K என்றும் இருந்தது. 1967இல் பாகையை எடுத்துவிட்டு அதைத் தனி அலகாக்கியதும் பெயர் kelvin என்று சிறிய எழுத்துக்கு வந்தது, குறியீடு வெறும் K ஆனது. அதே மனிதரின் பெயர், எண்ணும் அலகானவுடன் சிறிய எழுத்துக்கு மாறியதைப் பாருங்கள். மாணவி கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாணவர் பக்கத்தில் இந்தத் திருத்தத்தைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்குப் போகும் முன் பக்கம் வடிவமைப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வரியின் முதல் எழுத்தைக் கணினி தானாகப் பெரிதாக்கிவிடும், தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தாக்கினால் kWh, KWH ஆகிவிடும். திருத்தமே பிழையாக வந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.