வரவு பதிந்தும் சேமிக்கப்படாமை தொடர்பாக

கொழும்பு 13

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

ஐயா / அம்மணி,

நான் இங்குள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் தரம் 8 வகுப்பாசிரியை. இந்தத் தவணை தொடக்கம் உங்கள் வரவுச் செயலியைத்தான் பாவிக்கிறோம்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை 7.45க்கு 36 பிள்ளைகளில் மூன்று பேர் வரவில்லை எனப் பதிந்து சேமித்தேன். பச்சை அடையாளத்துடன் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். பின்னேரம் 1.30க்கு ஒரு மாணவனின் தாய் வாசலில் மகனுக்காகக் காத்து நின்றார். அவன் அன்று வகுப்புக்கே வரவில்லை. வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தி அவருக்குக் கிடைக்கவில்லை. அலுவலகக் கணினியில் பார்த்தால் 36 பேரும் வந்திருந்தார்கள்! அந்த மாணவன் ஒரு நண்பனின் வீட்டில் இருந்தான், நல்லபடியாகக் கிடைத்தான். ஆனால் அந்த அரை மணித்தியாலம் அந்தத் தாய் நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் நானே சோதித்துப் பார்த்தேன். ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு ஒரு பிள்ளையை வரவில்லை எனக் குறித்துச் சேமித்தேன். அப்போதும் அதே பச்சை அடையாளம். நெட்வேர்க்கே இல்லாதபோது உங்கள் சர்வருக்கு எதுவும் போயிருக்க முடியாது. செயலியை மூடாமல் டேட்டாவைப் போட்டபோது, சற்று நேரத்தில் அலுவலகக் கணினியிலும் அது பதிவானது. அப்புறம் இன்னொரு பிள்ளைக்கு அதையே செய்து, டேட்டா போடுவதற்கு முன் செயலியை மூடினேன். திறந்தபோது சர்வரிலிருந்து பட்டியல் புதிதாக வந்தது, நான் குறித்ததைக் காணவில்லை. எங்கள் வகுப்பு பழைய கட்டடத்தில் இருக்கிறது. தடித்த சுவர், சிக்னல் வந்து வந்து போகும். ஆகவே இது தினமும் நடக்கக்கூடிய விஷயம்.

இதைவிடப் பாரதூரமானது, பதிவு வராத வகுப்பில் எல்லோரும் வந்ததாகச் செயலி எடுத்துக்கொள்வது. பதியாத நாளும் முழு வரவு நாளும் ஒரே மாதிரித் தெரிந்தால் பிழை நடந்ததே எவருக்கும் தெரியாது. உயர்தர மாணவர் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கணக்கும் இதே பதிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகு மட்டும் பச்சை அடையாளம் வரட்டும். அனுப்பப்படாத பதிவு, செயலியை மூடினாலும் ஃபோனிலேயே இருந்து, சிக்னல் வந்ததும் போகட்டும். பதிவு வராத வகுப்புக்கு ‘பதியப்படவில்லை’ என்று காட்டுங்கள்.

இவற்றைத் திருத்தச் சில நாள் எடுக்கலாம், சரி. ஆனால் தவணை ஆரம்பம் முதல் எங்கள் எந்த வகுப்பிலிருந்து எந்த நாளில் ஒரு பதிவும் வரவில்லை என்ற பட்டியலை வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பிவையுங்கள். கையால் எழுதிய இடாப்பை நான் இன்னும் விடவில்லை. அதைப் பார்த்து என் வகுப்பின் ஒவ்வொரு நாளையும் நானே திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை, தரம் 8